இரு முனையிலும் பிளக் உள்ள ஒயரைக் கொடுத்தால் வாங்காதீர்கள்

இன்வெர்ட்டர் பொருத்த வந்த எலக்ட்ரீஷியன், வீட்டை வெளி மின்சாரத்திலிருந்து இன்வெர்ட்டருக்கு மாற்றும் ‘சேஞ்ச்ஓவர் சுவிட்ச்’ என்று ரசீதில் எழுதிப் பணத்தை வாங்கிக்கொண்டார். வைத்துவிட்டுப் போனதோ இரு முனையிலும் பிளக் மாட்டிய ஓர் ஒயர். மின்சாரம் போனதும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு முனையை இன்வெர்ட்டரிலும் மறுமுனையைச் சுவர் சாக்கெட்டிலும் செருகினால் வீடு முழுவதும் விளக்கு எரியும் என்றார்.

முதல் மின்தடையிலேயே விளக்குகள் எரிவதும் அணைவதுமாக இருந்தன. இன்வெர்ட்டருக்குள் தானாக மாறும் சுவிட்சான ரிலே டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. சுவர் சாக்கெட் வழியாக உள்ளே போன மின்சாரம், வீட்டு ஒயரிங்கைச் சுற்றி, இன்வெர்ட்டர் சார்ஜ் ஆகும் பிளக்குக்கே திரும்பி வந்திருக்கிறது. மின்தடை நீங்கிவிட்டது என்று எண்ணி இன்வெர்ட்டர் தன் உற்பத்தியை நிறுத்தும், நிறுத்தியதும் மின்சாரம் காணாமல் போகும், மறுபடி தொடங்கும். போனில் கேட்டதற்கு, “சார்ஜர் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்” என்றார் அவர். ஆக, இருட்டில் மூன்று வேலைகளை வரிசை தவறாமல் செய்ய வேண்டும். தவறினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவே இல்லை. பிறகு வந்த வேறொரு எலக்ட்ரீஷியன் அந்த ஒயரைப் பார்த்ததும் பதறிப்போய் விளக்கியதை எழுதுகிறேன்.

பிளக் என்பது மின்சாரத்தை வாங்குவதற்கு, கொடுப்பதற்குச் சாக்கெட். கொடுக்கும் பக்கத்தின் உலோகத்தைக் கை தொட முடியாது என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. இந்த ஒயர் அதைத் தலைகீழாக்கிவிடுகிறது. ஒரு முனை இன்வெர்ட்டரில் இருக்கும்போது, மறுமுனையின் வெற்றுப் பித்தளைப் பின்களில் 230 வோல்ட் நிற்கும். யாராவது கால் தடுக்கி அதைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டால் போதும்.

அடுத்தது, மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால். வீட்டு மின்சாரம் சர்வீஸ் ஒயர் வழியாகத் தெருவுக்குப் போகும். தெரு முழுவதும் அந்த லைனில் இருந்தால் சுமை தாங்காமல் இன்வெர்ட்டர் நின்றுவிடலாம். ஆனால் பழுதுபார்ப்பதற்காக நம் பகுதியை மட்டும் தனியே துண்டித்திருந்தால் நிற்காது. கம்பியில் கை வைக்கும் லைன்மேனுக்கு 230 வோல்ட் காத்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்விட்டாலோ, குறைக்க வைத்த அதே டிரான்ஸ்ஃபார்மர் பின்புறமாக வேலை செய்து பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும். நம் சோம்பலுக்கு அவர் ஏன் உயிரை விட வேண்டும்?

அந்த நிலையில் மின்சாரம் திரும்பி வந்தால் இன்வெர்ட்டரும் தப்புவது கடினம். இரண்டு மின்சாரத்தின் அலைகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் மோதும்போது, இடையே 460 வோல்ட் வரை வித்தியாசம் வரலாம். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் வெடித்துவிடலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கோளாறு வந்தால் தானே விழும்படி போர்டில் வைத்திருக்கும் எம்சிபி, ஆர்சிசிபி சுவிட்சுகள் இரண்டும் போர்டு பக்கத்திலிருந்துதான் துண்டிக்கும். ஒயரைச் செருகிய லைனில் கோளாறு வந்து அவை விழுந்தாலும், சாக்கெட் வழியாக வரும் மின்சாரம் அந்த லைனில் அப்படியே இருக்கும். விழுந்த சுவிட்சை நம்பிக் கை வைப்பவர் ஏமாந்துபோவார்.

உண்மையான சேஞ்ச்ஓவர் சுவிட்சில் மூன்று ஜோடி இணைப்புகள் உண்டு: வெளி மின்சாரம், இன்வெர்ட்டர், வீட்டுச் சுமை. கைப்பிடிக்கு மூன்று நிலைகள்: ஒருபுறம் வெளி மின்சாரம், மறுபுறம் இன்வெர்ட்டர், நடுவில் எதனோடும் சேராத பூஜ்யம். வீட்டுச் சுமை ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றோடு மட்டுமே சேர முடியும். ஒன்றை முழுதாக விட்ட பிறகே மற்றதைத் தொடும் வகையில் அதன் இயந்திர அமைப்பு இருக்கிறது. மறதியோ அவசரமோ இரண்டையும் சேர்க்க முடியாது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேர மாற்றும் இருமுனை சுவிட்சாகக் கேட்டு வாங்குங்கள். தானாக மாறும் இன்வெர்ட்டரில் இதே வேலையை உள்ளே உள்ள ரிலே செய்கிறது. அப்போது அதன் வெளியீட்டைக் குறிப்பிட்ட விளக்கு, மின்விசிறிகளுக்கு மட்டும் தனி ஒயர் இழுத்துத் தர வேண்டும்; சுவர் சாக்கெட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

சுவிட்ச் பொருத்தியவர் கிளம்பும் முன் அவர் எதிரிலேயே சோதித்துவிடுங்கள். வெளி மின்சாரம் இருக்கும்போது இன்வெர்ட்டரை அணைத்து, அதன் சார்ஜர் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கைப்பிடியை இன்வெர்ட்டர் பக்கம் திருப்புங்கள். அந்தச் சுவிட்சின் கீழ் வரும் ஒரு விளக்குகூட எரியக் கூடாது. எரிந்தால் எங்கோ ஓர் ஒயர் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதைச் சரிசெய்யும்வரை இன்வெர்ட்டரை இயக்க விடாதீர்கள், மீதிப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.