பைட்டோவும் ஃபியூமிகேஷனும்: விரலி மஞ்சளோடு ஏழு வருட அனுபவம்

ஈரோட்டிலிருந்து தூத்துக்குடி வழியாக விரலி மஞ்சள் அனுப்ப ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. போன வாரம் பெருந்துறைப் பக்கத்து நண்பர் ஒருவர் முதல் கன்டெய்னருக்கு ஆர்டர் வாங்கிவிட்டுக் கூப்பிட்டார். "அண்ணா, பைட்டோ வாங்கிட்டா ஃபியூமிகேஷன் சர்டிபிகேட் தனியா வேணுமா?" என்று கேட்டார். முதல் தடவை நானும் இதே இடத்தில்தான் தடுமாறினேன். அவரிடம் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பைட்டோசானிட்டரி சான்றிதழ் அரசு கொடுப்பது. மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் வரும் தாவரப் பாதுகாப்பு இயக்ககத்தின் குவாரண்டைன் அதிகாரி சரக்கைப் பார்த்து, மாதிரி எடுத்து, வாங்கும் நாடு தடுக்கிற பூச்சியோ நோயோ இதில் இல்லை என்று கையெழுத்திடுகிறார். மஞ்சளின் தரத்தைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. ஃபியூமிகேஷன் சான்றிதழ், அந்த இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனம் கொடுப்பது. பூச்சியைக் கொல்ல எந்த வாயு, எவ்வளவு, எத்தனை மணி நேரம், எந்த வெப்பநிலையில் அடித்தோம் என்பதுதான் அதில் இருக்கும்.

இரண்டும் சேரும் இடம் ஒன்று உண்டு. பைட்டோவில் சிகிச்சை விவரம் எழுதுவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. தேதி, மருந்து, அளவு, நேரம், வெப்பநிலை எல்லாம் ஃபியூமிகேஷன் தாளிலிருந்துதான் அங்கே ஏறும். ஆகவே ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று இல்லை. ஃபியூமிகேஷன் கேட்கும் நாட்டுக்கு அனுப்பினால், அந்தத் தாள் கையில் வந்த பிறகுதான் பைட்டோ முழுமையாகும்.

கேட்கிறார்களா இல்லையா என்பதை ஏஜென்டிடம் விசாரித்து முடிவு செய்யாதீர்கள். வாங்குபவர் தன் நாட்டுத் தாவரக் குவாரண்டைன் துறையிடம் எழுத்தில் வாங்கி அனுப்பட்டும். எந்த வாயு, எந்த அளவு, பைட்டோவில் கூடுதலாக ஏதாவது வாசகம் வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கூடுதல் வாசகம் என்றால் ஒரு எழுத்தும் மாறாமல் அப்படியே ஏற வேண்டும். சான்றிதழ் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

இனி நான் பட்ட அடி. இரண்டாம் வருடம், ஈரம் ஏறக்கூடாது என்று வாங்குபவர் சொன்னதால், சணல் பைக்குள் பாலிதீன் உறை போட்டு மஞ்சளைக் கட்டினேன். கன்டெய்னரில் ஏற்றி, மெத்தில் புரோமைடு வாயு அடித்து, சான்றிதழும் வாங்கினேன். போய் இறங்கிய துறைமுகத்தில் பை ஒன்றைக் கிழித்துச் சல்லடையில் கொட்டியிருக்கிறார்கள். சிகரெட் வண்டு உயிரோடு ஓடியிருக்கிறது. மஞ்சள் விரலில் ஊசித் துளை போட்டு, அடியில் பொடி உதிர்க்கும் அதே சின்ன பழுப்பு வண்டு. அங்கேயே மறுபடி வாயு அடிக்க வைத்தார்கள், செலவு முழுக்க என் தலையில். நிறுவனம் வாயுவைச் சரியாகத்தான் விட்டிருந்தது. பாலிதீனைத் தாண்டி அது மஞ்சளுக்குள் போகவில்லை, அவ்வளவுதான். வாயு அடிக்கப் போகிற சரக்கு மூச்சு விடுகிற பையில் இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது வெறும் சணல் பைதான். ஈரத்துக்குக் கன்டெய்னருக்குள் ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுகிறேன்.

அதற்குப் பிறகு வாயு அடிக்கும்போது நான் பக்கத்தில் நிற்காமல் இருப்பதில்லை. கணக்கு எளிது. 20 அடி கன்டெய்னரின் உள் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். வாங்குபவர் அனுப்பிய நிபந்தனைத் தாளில் கன மீட்டருக்கு 48 கிராம், 24 மணி நேரம் என்று இருந்தால், 33 பெருக்கல் 48, அதாவது 1,584 கிராம் உள்ளே போக வேண்டும். சிலிண்டர் தராசின் மேல் நிற்கும். விடும் முன்னும் விட்ட பின்னும் எடையைப் பாருங்கள், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். கன்டெய்னரின் பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் துளைகளை முன்பே டேப் ஒட்டி அடைத்திருக்க வேண்டும். ஒருமுறை ஆபரேட்டர் முகக்கவசத்தோடு, வாயுக் கசிவைக் காட்டும் ஹாலைடு விளக்கைக் கதவு ரப்பர் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார். கீழ் மூலையில் சுடர் சட்டென்று பச்சையாக மாறியது. ரப்பர் அங்கே வெடித்திருந்தது. அந்தக் கன்டெய்னரை மாற்றச் சொன்னேன். அரை நாள் போனது, அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. மெத்தில் புரோமைடுக்கு மணம் கிடையாது, மூக்கை நம்பி யாரும் அருகில் போகக்கூடாது. காற்றோட்டம் விட்டு, கருவியில் அளந்து, பாதுகாப்பான அளவுக்கு இறங்கிய பிறகே கதவுப் பக்கம் போக வேண்டும்.

சில வாங்குபவர்கள் உணவுப் பொருளில் புரோமைடு எச்சம் வரும் என்று அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அலுமினியம் பாஸ்பைடு கேட்பார்கள். அதன் மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாக மெதுவாக மாறும், அதனால் ஒரு நாளில் முடியாது. நம் வெப்பத்தில் நான் ஐந்து நாளுக்குக் குறைத்துக் கணக்குப் போடுவதே இல்லை. முடிந்த பிறகு மிஞ்சும் சாம்பல் நிறப் பொடியை வெளியே எடுத்தாக வேண்டும். எந்த வாயு என்று முடிவான பிறகுதான் கப்பல் தேதி பேச வேண்டும்.

மெத்தில் புரோமைடு என்றால் என் வாரம் இப்படிப் போகும். துறைமுக கட்-ஆஃப், அதாவது கன்டெய்னரை உள்ளே விடும் கடைசி நாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தின வாரமே தாவரப் பாதுகாப்பு இயக்ககத்தின் PQMS தளத்தில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்டோடு விண்ணப்பம் போட்டுவிடுவேன். திங்கட்கிழமை 15 டன் மஞ்சள், 50 கிலோ பையாக 300 பை, குடோனில் அடுக்கியிருக்கும்போதே அதிகாரி வந்து மாதிரி எடுப்பார். கன்டெய்னருக்குள் அடைத்த பிறகு கூப்பிட்டால் கதவோரம் இருக்கும் பைகளைத்தான் தொட முடியும், அதில் திருப்தி இல்லை என்றால் இறக்கச் சொல்வார். செவ்வாய் கன்டெய்னரில் ஏற்றும் ஸ்டஃபிங், மாலையில் வாயு. புதன் மாலை திறந்து காற்றோட்டம். வியாழன் ஃபியூமிகேஷன் தாளைப் பதிவேற்றுவேன். வெள்ளி பைட்டோ. ஒரு நாள் கையில் மிஞ்சும், அந்த ஒரு நாள் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

விண்ணப்பத்தில் பெரும்பாலும் தவறுவது சின்ன விஷயங்களில்தான். தாவரவியல் பெயர் Curcuma longa என்று சரியான எழுத்தில் இருக்க வேண்டும். பை எண்ணிக்கை, நிகர எடை, பைமேல் அச்சடித்த குறி, கன்டெய்னர் எண் ஆகியவை இன்வாய்ஸிலும் ஃபியூமிகேஷன் தாளிலும் பைட்டோவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருமுறை ஏற்றும்போது இரண்டு பை கிழிந்து 298 ஆகிவிட்டது. ஃபியூமிகேஷன் தாளில் 298, பைட்டோ வரைவில் 300. நல்லவேளை வரைவிலேயே கண்ணில் பட்டது. சான்றிதழில் பேனாவால் அடித்துத் திருத்தினால் செல்லாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

மரப் பேலட் போடுகிறீர்கள் என்றால் அது தனிக் கணக்கு. மஞ்சளின் பைட்டோ மரத்துக்குச் சேராது. பேலட்டின் மேலேயே சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தமான ஐ.பி.பி.சி.யின் கோதுமைக் கதிர் முத்திரையும், IN என்ற நாட்டுக் குறியும், வெப்பச் சிகிச்சைக்கு HT அல்லது மெத்தில் புரோமைடுக்கு MB என்ற எழுத்தும் சூடு போட்டோ அச்சடித்தோ இருக்க வேண்டும். நான் பேலட்டே போடுவதில்லை, பைகளை நேராக அடுக்குகிறேன்.

பைட்டோவின் அசல் கைக்கு வந்த அன்றே ஸ்கேன் எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிட்டு, அசலையும் கூரியரில் போட்டுவிடுங்கள். பக்கத்து நாட்டுத் துறைமுகங்களுக்குக் கப்பல் சில நாளில் போய்விடும். அசல் கேட்கும் இடத்தில் தாள் பின்னால் வந்தால், அதுவரை கன்டெய்னர் அங்கே வாடகையில் நிற்கும்.