பூட்டுச் சின்னத்தை நம்பி அட்டை எண்ணைக் கொடுத்தேன்: ஓர் எச்சரிக்கை

சென்ற மாதம் எனக்கு ஒரு பார்சல் வர வேண்டியிருந்தது. அதை எதிர்பார்த்துக் காத்திருந்த நாளிலேயே, முகவரி முழுமையாக இல்லாததால் பார்சலை ஒப்படைக்க முடியவில்லை என்றும், மீண்டும் கொண்டுவர ஒரு சிறு கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த லிங்கைத் தொட்டதும் கூரியர் நிறுவனத்தின் பக்கம் திறந்தது. நிறமும் இலச்சினையும் எழுத்துருவும் நான் வழக்கமாகப் பார்ப்பவைதான். ஆனாலும் அட்டை எண்ணைக் கேட்ட இடத்தில் சற்றுத் தயங்கி, முகவரிப் பட்டையைப் பார்த்தேன். பூட்டுச் சின்னம் இருந்தது. அதைத் தொட்டபோது `Connection is secure` என்று உலாவி காட்டியது. அதைப் படித்ததும் தயக்கம் நீங்கி, அட்டை எண்ணையும், பின்புறமுள்ள மூன்று இலக்கங்களையும், சிறிது நேரத்தில் வந்த ஓடிபியையும் வரிசையாகக் கொடுத்தேன்.

கட்டணமாகக் கேட்ட தொகை மிகச் சிறியது. கணக்கிலிருந்து போனதோ அதைப்போல் பல மடங்கு. அட்டையை உடனே முடக்கிவிட்டேன். ஓடிபியை நானே உள்ளிட்டிருந்ததால் போன பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று வங்கி கூறிவிட்டது. இழப்பைப் பற்றிப் புலம்புவதற்காக இதை எழுதவில்லை. எந்தச் சின்னத்தைப் பார்த்து நான் துணிந்தேனோ, அது அன்று என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நான் கேட்ட கேள்வி ஒன்று, அது பதில் சொன்ன கேள்வி வேறொன்று. இந்த வேறுபாடு தெரியாமல் இன்னொருவர் ஏமாறக் கூடாது என்பதே இப்பதிவின் நோக்கம்.

அந்த லிங்கைக் கணினியில் கவனமாகப் பிரித்துப் பார்த்தேன். கூரியர் நிறுவனத்தின் பெயரையும் மோசடிக்காரர்களின் டொமைன் பெயரையும் மறைத்து, மாதிரிப் பெயர்களை இட்டு, அதன் வடிவத்தை மட்டும் கீழே தருகிறேன்.

```
https://example.com.parcel-update.example/pay
```

நிறுவனத்தின் உண்மையான தளம் `example.com` என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரி அந்தப் பெயரில்தானே தொடங்குகிறது என்று எண்ணி நான் அதற்கு மேல் படிக்கவில்லை. ஆனால் இணைய முகவரியின் உரிமையாளரை அறிய இடமிருந்து வலமாகப் படிக்கக் கூடாது. `https://` என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். இங்கே அந்தக் கோட்டுக்கு முன்னால் இருப்பது `parcel-update.example`. டொமைனாகப் பதிவு செய்யப்பட்ட பெயர் அதுதான். அதற்கு இடப்புறம் உள்ள எதையும், அந்த டொமைனை வாங்கியவர் எவரிடமும் அனுமதி கேட்காமல் தம் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். சில நாடுகளின் முகவரிகளில் முடிவுப் பகுதியே இரண்டு சொற்களாக இருக்கும். அப்போது இன்னும் ஒரு சொல் சேர்த்துப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். கணினியில் பயர்பாக்ஸ் உலாவி இந்தப் பதிவுப் பெயரை மட்டும் அழுத்தமாகவும் மற்றவற்றை மங்கலாகவும் காட்டுகிறது. அந்த உதவி பலருடைய கண்ணில் படுவதே இல்லை.

அப்படியானால் அன்று பூட்டு எனக்கு உறுதியளித்தது எதை? முதலாவதாக, என் உலாவிக்கும் அந்தத் தளத்தின் சர்வருக்கும் இடையே செல்லும் தகவல் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. வழியில் உள்ள வைஃபை உரிமையாளரோ இணையச் சேவை நிறுவனமோ அதைப் படிக்க முடியாது. இரண்டாவதாக, அந்தத் தகவலை வழியில் எவரும் எனக்குத் தெரியாமல் மாற்ற முடியாது. மூன்றாவதாக, மறுமுனையில் உள்ள சர்வர், முகவரிப் பட்டையில் இருக்கும் அதே பெயருக்கு வழங்கப்பட்ட சான்றிதழை வைத்திருக்கிறது. மூன்றும் உண்மையாகவே இருந்தன. என் அட்டை எண் வழியில் எவர் கையிலும் சிக்காமல், ஒரு இலக்கம்கூடப் பிசகாமல், அந்தப் பெயரை வைத்திருந்த திருடர்களிடம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார், நாணயமானவரா, வாங்கிய தகவலை என்ன செய்வார் என்பவற்றுக்கும் பூட்டுக்கும் தொடர்பே இல்லை.

இந்தச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கிறது என்பதை அறிந்தால் குழப்பம் தீரும். ஆளையும் நிறுவனத்தையும் விசாரித்துவிட்டுத்தான் தருவார்கள் என்றே நானும் எண்ணியிருந்தேன். இன்று பெரும்பாலான தளங்கள் பயன்படுத்தும் எளிய வகைச் சான்றிதழுக்கு அப்படி எந்த விசாரணையும் இல்லை. ஒரு பெயருக்குச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தால், வழங்கும் அமைப்பு ஒரு சவாலைத் தருகிறது: குறிப்பிட்ட எழுத்துகளைக் கொண்ட ஒரு கோப்பை உன் தளத்தில் `/.well-known/acme-challenge/` என்ற பாதையில் வை, அல்லது டொமைன் பெயர் எந்த சர்வரைக் குறிக்கிறது என்பதைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளில் ஒரு வரியைச் சேர். பிறகு அதன் கணினி வந்து பார்க்கிறது. கோப்போ வரியோ அங்கே இருந்தால், அந்தப் பெயர் விண்ணப்பித்தவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று முடிவு செய்து சான்றிதழை அனுப்பிவிடுகிறது. எல்லாம் மென்பொருளே செய்யும் வேலை. பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். பெயரின் மீது கட்டுப்பாடு உண்டா என்பது மட்டுமே சோதனை. திருடர் ஒரு டொமைனை முறையாகக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் இந்தச் சோதனையில் அவரும் முறையாகவே தேறுவார்.

2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு, இத்தகைய சான்றிதழை இலவசமாகவும் தானியங்கியாகவும் தரத் தொடங்கியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அதற்கு முன்பு சிறிய தளங்கள் பலவற்றில் குறியாக்கமே இல்லாமல், கடவுச்சொற்கள் வெறும் எழுத்தாகப் பயணம் செய்தன. அந்த ஆபத்து பெருமளவு குறைந்ததற்கு இந்த மாற்றமும் ஒரு முக்கியக் காரணம். 2018 ஜூலையில் குரோம் உலாவி, குறியாக்கம் இல்லாத எல்லாத் தளங்களிலும் `Not secure` என்று எழுதத் தொடங்கியதும், பூட்டு என்பது எல்லாத் தளத்துக்கும் இருக்க வேண்டிய அடிப்படை ஆகிவிட்டது. ஆனால் அது அரிதாக இருந்த காலத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை, "பூட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்" என்ற அறிவுரையை, யாரும் திரும்பப் பெறவில்லை. போலித் தளங்கள் பூட்டைக் காட்டியே நம்பவைக்கின்றன என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2019 ஜூனில் எச்சரித்தது. கூகுள் 2021இல் நடத்திய ஆய்வில், பங்கேற்றவர்களில் 11 விழுக்காட்டினர் மட்டுமே பூட்டின் பொருளைச் சரியாகப் புரிந்திருந்தனர். இந்தத் தவறான நம்பிக்கையின் காரணமாகவே 2023 செப்டம்பரில் வெளிவந்த குரோம் 117, முகவரிப் பட்டையிலிருந்து பூட்டை நீக்கி அமைப்புகளைக் குறிக்கும் ஒரு சின்னத்தை வைத்தது. அதைத் தொட்டால் திறக்கும் பெட்டிக்குள் பூட்டு இன்னும் இருக்கிறது. பிற உலாவிகள் சிலவற்றில் பட்டையிலேயே இருக்கிறது.

நடந்த பிறகு அந்தத் தளத்தின் சான்றிதழைக் கணினியில் திறந்து படித்தேன். முகவரிக்கு இடப்புறச் சின்னத்தைச் சொடுக்கி, இணைப்பு பற்றிய வரியின் வழியே சான்றிதழைத் திறக்கலாம். குரோமில் `Issued To` என்ற தலைப்பின் கீழ், `Common Name (CN)` என்ற இடத்தில் அந்த நீண்ட முகவரி இருந்தது. அடுத்து, `Organization (O)` என்ற வரிக்கு எதிரே `<Not Part Of Certificate>` என்று இருந்தது. நிறுவனத்தின் பெயர் இந்தச் சான்றிதழில் இல்லை, அதை எவரும் சரிபார்க்கவில்லை என்பதே இதன் பொருள். ஆனால் இந்த வரி இப்படி இருந்தாலே தளம் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நேர்மையான தளங்கள் ஏராளமானவற்றிலும் இதே வரிதான் இருக்கும்.

`Issued On` என்ற இடத்தில் இருந்த தேதி, எனக்குக் குறுஞ்செய்தி வந்ததற்கு முந்திய நாள். இதையும் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் வழக்கமான சான்றிதழ் 90 நாட்களுக்கே செல்லும் என்பதால், பழைய தளங்களும் அடிக்கடி புதுப்பித்துக்கொள்கின்றன. அண்மைத் தேதி மட்டும் எதையும் நிறுவாது. அந்தப் பெயருக்கு முதன்முதலில் எப்போது சான்றிதழ் வழங்கப்பட்டது என்பதே பார்க்கத்தக்கது. உலாவிகள் ஏற்கும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் சேர்க்கப்படுகின்றன. `crt.sh` என்ற தளத்தில் டொமைன் பெயரை இட்டால் யாரும் அவற்றைத் தேடலாம். பல ஆண்டுகளாக இயங்கும் நிறுவனத்துக்கு அங்கே நீண்ட வரிசை இருக்கும். நான் தேடிய பெயருக்கு அந்த ஒரே நாளைத் தவிர முன்வரலாறு எதுவும் இல்லை.

ஆனால் அவசரமாகப் பணம் கட்டும் வேளையில் இந்தச் சோதனையை யாரும் செய்யப் போவதில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அன்று என் கண்முன்னே இருந்து நான் தவறவிட்ட இரண்டு அறிகுறிகள் இவற்றைவிட எளிமையானவை. கட்டணத்துக்கு முன்பு அந்தப் பக்கம் கூரியர் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. வழக்கமாக அதைத் தானாக நிரப்பும் கடவுச்சொல் காப்பு மென்பொருள் அன்று எதையும் காட்டவில்லை. ஏதோ கோளாறு என்று நினைத்து நானே கையால் தட்டச்சு செய்தேன். அதில் கோளாறே இல்லை. அது பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை. சேமித்த டொமைனும் திறந்திருக்கும் டொமைனும் ஒன்றா என்று மட்டுமே பார்க்கிறது. இரண்டும் வேறாக இருந்ததால் பேசாமல் இருந்தது. இரண்டாவது, ஓடிபி வந்த குறுஞ்செய்தி. அதில் தொகையும், பணம் பெறும் கடையின் பெயரும் இருந்தன. இரண்டுமே பக்கத்தில் இருந்தவற்றோடு பொருந்தவில்லை. நான் கொடுத்த அட்டை எண்ணை அவர்கள் அதே நேரத்தில் வேறொரு கடையில் உள்ளிட்டு, என் வங்கியிடமிருந்து உண்மையான ஓடிபியை வரவழைத்திருக்கிறார்கள். நானோ ஆறு இலக்கங்களை மட்டும் பார்த்து எழுதினேன்.

நான்காம் நாள் அந்தப் பக்கம் திறக்கவில்லை. சான்றிதழோ அப்போதும் செல்லுபடியாகும் நிலையில்தான் இருந்தது. பக்கம் மறைந்தாலும் அதன் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். அதே டொமைனைப் பதிவேட்டில் மீண்டும் தேடியபோது, அதன் இடப்புறத்தில் ஒரு வங்கியின் பெயரையும் இன்னொரு கூரியர் நிறுவனத்தின் பெயரையும் ஒட்டிய இரண்டு புதிய முகவரிகளுக்கு, எனக்கு நேர்ந்ததற்கு அடுத்த இரு நாட்களில் சான்றிதழ் பெறப்பட்டிருந்ததைக் கண்டேன். அந்த இரு நிறுவனங்களின் புகார் முகவரிகளுக்கும், டொமைனைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனத்துக்கும் அவற்றை அன்றே அனுப்பினேன்.