65 வாட் சார்ஜரின் பொடி எழுத்து: ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் வீட்டில் ஒரு லேப்டாப், மூன்று போன். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மூன்று போர்ட் உள்ள 65 வாட் சார்ஜர் ஒன்றை வாங்கி, ஒரு வருடத்துக்கும் மேலாகத் தினமும் பயன்படுத்தி வருகிறோம். இதுவரை பழுது எதுவும் வரவில்லை. ஆனால் இந்தச் சார்ஜர் எப்போது வேகமாக வேலை செய்யும், எப்போது மெதுவாகிவிடும் என்பது பெட்டியின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் "65" என்ற எண்ணில் தெரியாது. அதெல்லாம் சார்ஜரின் உடம்பிலேயே, வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் அச்சிட்ட சில வரிகளில் இருக்கிறது.

அந்த எழுத்தை வெறும் கண்ணால் படிப்பது சிரமம். டார்ச் வெளிச்சத்தை நேராக அடித்தால் பளபளப்புதான் தெரியும். பக்கவாட்டில் சாய்த்து அடித்து, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வாங்கிய அன்றே அப்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பையில் போட்டு எடுத்துப் புழங்கியதில் எங்கள் சார்ஜரில் ஒரு ஓரம் இப்போதே தேய்ந்துவிட்டது. அதில் இருப்பது இதுதான்:

```
INPUT: 100-240V~ 50/60Hz 1.8A
OUTPUT
C1: 5V⎓3A, 9V⎓3A, 12V⎓3A,
    15V⎓3A, 20V⎓3.25A (65W Max)
    PPS: 3.3-11V⎓3A
C2: 5V⎓3A, 9V⎓2.22A, 12V⎓1.67A (20W Max)
A:  5V⎓3A, 9V⎓2A, 12V⎓1.5A (18W Max)
C1+C2: 45W+20W
C1+A: 45W+18W
C2+A: 5V⎓3A
C1+C2+A: 45W+15W
```

முதல் வரி சுவரிலிருந்து உள்ளே வருவது. அலை போன்ற குறி மாறுமின்னோட்டம், அதாவது ஏசி. இந்த 1.8 ஆம்பியரைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள்: 230 வோல்ட்டோடு பெருக்கினால் 400 வாட்டைத் தாண்டுகிறதே, கரண்ட் பில் எகிறாதா என்று. எகிறாது. அது 100 வோல்ட் மட்டுமே வரும் ஜப்பான் போன்ற இடங்களையும் சேர்த்து, மோசமான நிலையில் எவ்வளவு வரை இழுக்கலாம் என்று போட்டிருக்கும் உச்ச அளவு. முழு 65 வாட்டைக் கொடுக்கும்போதுகூட, சூடாக வீணாவதையும் சேர்த்துச் சுமார் 72 வாட்தான் சுவரிலிருந்து எடுக்கும். அப்படி விடாமல் ஏறக்குறைய 14 மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட்.

மற்ற வரிகள் எல்லாம் வெளியே வருவது. சி1, சி2 இரண்டும் யுஎஸ்பி-சி போர்ட், ஏ என்பது பழைய அகலமான யுஎஸ்பி போர்ட். முழுக்கோட்டுக்குக் கீழே விட்டு விட்டுப் போட்ட கோடு நேர்மின்னோட்டத்தின் குறி, அதாவது டிசி. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். சி2 வரியில் 9 வோல்ட்டை 2.22 ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள், 20 வரும். 12ஐ 1.67ஆல் பெருக்கினாலும் 20தான்.

நடுவில் இருக்கும் காற்புள்ளிக்கு "அல்லது" என்று பொருள். சி1 போர்ட் ஒரு நேரத்தில் 5 வோல்ட் கொடுக்கும், அல்லது 9, அல்லது 20. எல்லாம் சேர்ந்து வராது. எந்த வோல்ட் என்பதைச் செருகியிருக்கும் கருவிதான் கேட்டு வாங்குகிறது. எதைச் செருகினாலும் தொடக்கம் 5 வோல்ட்தான். பிறகு சார்ஜர் தன்னிடம் உள்ள பட்டியலைச் சொல்லும், கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், அப்புறம்தான் வோல்ட் ஏறும். அதனால் லேப்டாப் சார்ஜரைப் போட்டால் போன் கெட்டுவிடும் என்ற பயம் யுஎஸ்பி-சியில் தேவையில்லை. ஆம்பியரும் அப்படித்தான். 3 ஆம்பியர் என்பது அதிகபட்சம். போனுக்கு 1 ஆம்பியர் போதுமென்றால் அவ்வளவுதான் எடுக்கும்.

ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றோடு வரும் உருண்டைப் பின் அடாப்டரில் இந்தப் பேச்சுவார்த்தையே கிடையாது. அதில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் செருகிய கணமே 12 வோல்ட்தான். 9 வோல்ட் ரவுட்டரிலும் அதே அளவு துளை இருந்தால் பின் சரியாகப் பொருந்தும், உள்ளே சர்க்யூட் பலகை எரிந்துபோகலாம். அங்கே வோல்ட் அப்படியே ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம், பிளஸ் மைனஸ் வட்டக் குறியும் ரவுட்டரில் உள்ளதைப் போலவே இருக்க வேண்டும்.

வோல்ட்டில் ஏன் இத்தனை படிகள்? கேபிள் சூடாவது ஆம்பியரால்தான். ஆம்பியர் இரண்டு மடங்கானால் கம்பியில் வீணாகும் சூடு நான்கு மடங்காகும். அதனால் 3 ஆம்பியரைத் தாண்டாமல் வோல்ட்டை ஏற்றுகிறார்கள்: அதே கம்பியில் 5 வோல்ட்டில் 15 வாட் போகும், 9 வோல்ட்டில் 27 வாட், 20 வோல்ட்டில் 60 வாட். மின்வாரியம் உயர் அழுத்தக் கம்பியில் மின்சாரம் கொண்டுவருவதும் இதே காரணத்தால்தான்.

இங்கே கேபிளின் பங்கு வந்துவிடுகிறது. அதைச் சார்ஜரின் பொடி எழுத்து சொல்லாது. சாதாரண சி-டு-சி கேபிள் 3 ஆம்பியருக்குத்தான். அதற்கு மேல் போக வேண்டுமானால் கேபிளின் முனைக்குள் ஒரு சிறிய சிப் இருந்து, "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று தெரிவிக்க வேண்டும். எங்கள் சார்ஜரில் 65 வாட்டுக்கு 3.25 ஆம்பியர் தேவை. ஆகவே போனோடு வந்த கேபிளில் லேப்டாப்பை இணைத்தால் 60 வாட்டோடு நின்றுவிடும். இடையில் வைத்துப் பார்க்கும் யுஎஸ்பி மீட்டரில் இது தெளிவாகத் தெரிந்தது. அந்த 5 வாட் குறைவதால் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை. 100 வாட் சார்ஜர் வாங்குபவர்கள்தான் கேபிளை அவசியம் கவனிக்க வேண்டும். அங்கே தவறான கேபிள் 40 வாட்டைத் தின்றுவிடும்.

சி1க்குக் கீழே ஒட்டியிருக்கும் பிபிஎஸ் வரிக்கு வருவோம். 5, 9 என்று படிப்படியாகத் தாவாமல், 3.3 முதல் 11 வரை போன் கேட்கும் வோல்ட்டை நுணுக்கமாக ஏற்றி இறக்கித் தருவது இது. வோல்ட்டைக் குறைக்கும் வேலை போனுக்குள் குறைவதால் போன் அதிகம் சூடாகாது. என் மனைவியின் சாம்சங் போனில் இதன் விளைவைத் திரையிலேயே பார்க்கலாம். சி1இல் செருகினால் "சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங்" என்று காட்டும், மீட்டரில் 9 வோல்ட்டை ஒட்டி 25 வாட் வரை போகும். சி2இல் செருகினால் வெறும் "ஃபாஸ்ட் சார்ஜிங்", ஏறக்குறைய 15 வாட். சி2 20 வாட் வரை தரக்கூடியதுதான், ஆனால் அதன் வரியில் பிபிஎஸ் இல்லை. சாம்சங்கின் 45 வாட் போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சார்ஜரின் சி1கூட முழு வேகம் தராது. 11 வோல்ட்டும் 3 ஆம்பியரும் சேர்ந்தால் 33 வாட்தானே. அவர்கள் பிபிஎஸ் வரியில் 5 ஆம்பியர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கேபிளும் 5 ஆம்பியர் கேபிளாக இருக்க வேண்டும்.

கடைசி நான்கு வரிகளைத்தான் நான் மிக முக்கியமானவையாக நினைக்கிறேன். 65 வாட் என்பது சி1 மட்டும் தனியாக இருக்கும்போது கிடைப்பது. பக்கத்தில் ஒரு போனைச் செருகியதுமே லேப்டாப்பின் சார்ஜ் ஒரு நொடி அறுந்து மறுபடி வரும். சார்ஜர் பட்டியலை மாற்றி, இனி உனக்கு 45 வாட்தான் என்று லேப்டாப்பிடம் சொல்கிறது. 65 வாட் அடாப்டரோடு வந்த எங்கள் லேப்டாப் உடனே மெதுவான சார்ஜர் என்று அறிவிப்புக் காட்டும். கட்டுரை எழுத, மின்னஞ்சல் பார்க்க 45 வாட் தாராளம். வீடியோ அழைப்பும் நடந்துகொண்டு பேட்டரியும் ஏற வேண்டுமென்றால் ஏறும், ஆனால் நிதானமாக. போனைக் கழற்றும்போதும் அதே ஒரு நொடி அறுதல் உண்டு. இது பழுது அல்ல.

சி2+ஏ வரிதான் கடுமையானது. அங்கே வாட்டே போடவில்லை. 5 வோல்ட், 3 ஆம்பியர், அவ்வளவுதான். இரண்டு போர்ட்டுக்கும் சேர்த்து 15 வாட். தனித்தனியாக 20, 18 என்று இருந்தவை ஒன்றாகச் செருகியதும் ஆளுக்கு ஏழரை வாட் அளவுக்கு இறங்கிவிடும், 9 வோல்ட்டும் போய்விடும். 5000 எம்ஏஎச் பேட்டரியில் அடங்குவது சுமார் 19 வாட் மணி. வழியில் வீணாவதையும் சேர்த்தால் மூன்று மணி நேரம் பிடிக்கும். செருகிய போனின் திரையில் "ஃபாஸ்ட்" என்ற சொல் மறைந்துவிடுவதுதான் இதற்கு அடையாளம். ஏ போர்ட்டில் முழுதாகச் சார்ஜ் ஆன இயர்போன் பெட்டி சும்மா தொங்கினாலும் எங்கள் சார்ஜரில் இதே நிலைதான். இயர்போன் ஒன்றும் இழுப்பதில்லை, ஆனாலும் சி2 போன் 5 வோல்ட்டிலேயே கிடக்கும். இயர்போனைக் கழற்றினால் சில நொடிகளில் வேகம் திரும்பும்.

இதைப் படித்துவிட்டால் சார்ஜரை எப்படிப் பயன்படுத்துவது என்பது தானாக அமைந்துவிடுகிறது. காலையில் அவசரமாக இரண்டு போன் ஏற வேண்டுமென்றால் ஒன்றை எப்போதும் சி1இல் போடுகிறோம். அதற்கு 45 வாட் வரை ஒதுக்கீடு இருக்கும், மற்றதற்குச் சி2இல் 20 வாட் வரை. லேப்டாப்புக்கு முழு வேகம் வேண்டிய நேரத்தில் மற்ற இரண்டும் காலி. இரவில் சி2, ஏ இரண்டிலும் போன்களைப் போட்டுவிடுகிறோம். விடிய நேரம் இருக்கிறது, மெதுவாக ஏறுவதால் சூடும் குறைவு. கோடையில் முழு 65 வாட் ஓடும்போது சார்ஜர் கையில் பிடிக்கச் சிரமப்படும் அளவு சூடாகிறது. வீணாகும் ஆறேழு வாட்டும் அந்தச் சிறிய பெட்டியிலிருந்துதானே வெளியேற வேண்டும். கட்டிலில் துணிக்கு நடுவே விடாமல் சுவரிலேயே காற்றுப்படும்படி வைத்திருக்கிறோம்.

இந்தியாவில் வாங்குபவர்கள் அதே பொடி எழுத்துக்குள் ஐஎஸ் எண்ணோடு வரும், இந்தியத் தர நிர்ணய அமைப்பான BIS-இன் முத்திரையையும், "R-" என்று தொடங்கும் பதிவு எண்ணையும் தேடுங்கள். BIS Care செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவாகியிருக்கிறது என்று வரும். கையில் இருக்கும் பெட்டியோடு அது ஒத்துப்போகவில்லை என்றால், மேலே உள்ள வோல்ட், வாட் வரிகளையும் நான் நம்ப மாட்டேன். எங்களுடையது ஒத்துப்போனது. அடுத்த சார்ஜர் வாங்கும்போது சி2+ஏ வரியில் 5 வோல்ட்டோடு நிற்காத ஒன்றையும், சி2இலும் பிபிஎஸ் உள்ளதையும் தேடுவேன். லேப்டாப்போடு ஒரு போன் மட்டும் என்பவர்களுக்கு இதே வகைச் சார்ஜர் போதும்.