காதுக்குள் வைக்கும் மெஷின், காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின்: இரண்டையும் பயன்படுத்திய அனுபவம்

முதலில் சில வருடங்கள் காதுக்குழாய்க்குள் முழுதாக உட்காரும் ஹியரிங் எய்டு வைத்திருந்தேன். இப்போது காதுக்குப் பின்னால் மாட்டும் வகை. வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெளியே தெரியுமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, அதைப் போட்டுக்கொண்டு பேசினால் உங்கள் குரல் உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை.

என் காது எந்த ஒலியை எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம், வயதாகும்போது பலருக்கும் வருகிற வடிவம்தான். தடித்த கீழ் ஒலிகளில், 500 ஹெர்ட்ஸில், 25 டெசிபல் இழப்பு, கிட்டத்தட்ட இயல்பு. கீச்சென்ற மேல் ஒலிகளில், 4000 ஹெர்ட்ஸில், 60 டெசிபல் இழப்பு. பேசுவது காதில் விழும், ஆனால் 'ச', 'ஸ', 'ஷ' போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடுவதால் என்ன சொன்னார்கள் என்று புரியாது.

காதுக்குள் வைக்கும் மெஷின் போட்டதும் அந்த ஒலிகள் திரும்பி வந்தன. கூடவே, என் குரல் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல முழங்கியது. மெல்லுவதும், நடக்கும்போது விழும் காலடியும்கூடத் தலைக்குள் இடித்தன. "பழகிவிடும்" என்றார்கள். பழகவில்லை.

காரணம் இதுதான். நாம் பேசும்போது தாடையும் மண்டை எலும்பும் அதிர்ந்து, காதுக்குழாயின் வெளிப்பக்கச் சுவரையும் அதிரவைக்கின்றன. காது திறந்திருந்தால் அந்தத் தடித்த ஒலி வெளியே போய்விடும். அடைத்தால் உள்ளேயே தேங்கிச் செவிப்பறையில் மோதும். கீழ் ஒலிகள் நன்றாகக் கேட்கிறவர்களைத்தான் இது அதிகம் படுத்தும், என்னைப் போல.

இதைக் கண்டுபிடிக்க ஆடியாலஜிஸ்ட் ஒருவர் எளிய சோதனை சொல்லிக் கொடுத்தார். மெஷினைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஆஃப் செய்துவிட்டு 'ஈ', 'ஊ' என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். ஆஃபில் இருக்கும்போதும் முழங்கினால் காது அடைபட்டதுதான் காரணம். கம்ப்யூட்டரில் எவ்வளவு ட்யூன் செய்தாலும் போகாது. ஆன் செய்தால் மட்டும் முழங்கினால் கீழ் ஒலிகளுக்கு அதிகப் பெருக்கம் வைத்திருக்கிறார்கள், அதைக் குறைத்தால் சரியாகிவிடும். எனக்கு ஆஃபிலும் முழங்கியது. காற்று போக விடும் துளையைப் பெரிதாக்கலாம் என்றால் அந்தச் சின்ன மெஷினில் இடம் இல்லை; இடம் இருந்தாலும் ஒலிபெருக்கியும் மைக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் விசில் அடிக்கும்.

அப்புறம்தான் காதுக்குப் பின்னால் மாட்டி, மெல்லிய ஒயரில் ஒலிபெருக்கி மட்டும் காதுக்குள் போகிற வகைக்கு மாறினேன். நுனியில் துளைகள் உள்ள திறந்த ரப்பர் டோம். கீழ் ஒலிகள் இயல்பாக வந்து போகின்றன, மேல் ஒலிகளை மட்டும் மெஷின் தருகிறது. முழக்கம் அன்றே போய்விட்டது. இரண்டு மைக் இருப்பதால், பின்னால் சத்தம் இருக்கும்போது எதிரே பேசுகிறவர் கொஞ்சம் தெளிவாகக் கேட்கிறார். பேட்டரியும் கூடுதல் நாள் வருகிறது.

இழந்ததும் உண்டு. காதுக்குள் வைத்த மெஷினில் போனை வழக்கம்போல் காதில் வைத்துப் பேசினேன். இதில் மைக் காதுக்கு மேலே இருப்பதால் போனைச் சற்று உயர்த்திப் பிடிக்க வேண்டும். காற்றடிக்கும்போது இரைச்சல் அதிகம். கண்ணாடியையும் மாஸ்க்கையும் கழற்றும்போது கவனம் வேண்டும். திடீரென்று சத்தம் குறைந்தால் இரண்டு வகையிலும் முதலில் பார்க்க வேண்டியது குறும்பி அடைத்த ஃபில்டர்தான். காதுக்குள் வைப்பதில் அது சீக்கிரம் அடைகிறது.

பழகும் காலத்தில் எதைப் பொறுத்துக்கொள்வது, எதற்குத் திரும்பப் போவது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காகிதம் சரசரப்பதும் குழாய்த் தண்ணீரும் கரண்டி உரசுவதும் முதல் வாரங்களில் காதைக் குடையும். மூளை நெடுநாள் கேட்காத ஒலிகள் அவை. தினமும் போட்டால் தானாகவே பின்னுக்குப் போய்விடும். முதலில் அமைதியான வீட்டில் சில மணி நேரம், பிறகு நாள் முழுக்க என்று கூட்டினேன். எடுத்து வைத்துவிட்டு விசேஷங்களுக்கு மட்டும் போடுகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அதே எரிச்சல்தான். ஆடியாலஜிஸ்ட் பெருக்கத்தை முதலில் குறைவாக வைத்து, அடுத்தடுத்த முறைகளில் கூட்டுவதும் இதற்காகத்தான்.

ஆனால் தட்டு விழுந்தால் காது வலிக்கிறது என்றால் பொறுக்க வேண்டாம். உச்சச் சத்தத்தின் அளவை இறக்கச் சொல்லுங்கள். காதுக்குள் சிவந்து புண்ணானால் அச்சை இழைத்துத் தர வேண்டும். ஆஃபிலும் குரல் முழங்குவதற்கும் காத்திருந்து பயனில்லை.

திறந்த டோம் எல்லோருக்கும் ஆகாது. கீழ் ஒலிகளும் நிறையக் குறைந்திருந்தால், மெஷின் தரும் தடித்த ஒலி அந்தத் துளை வழியே ஒழுகிவிடும். அவர்களுக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் வகையிலும் மூடிய டோமோ, அச்செடுத்த மோல்டோ வேண்டும். அந்த அளவு இழப்பு உள்ளவர்களுக்கு முழக்கத்தின் தொல்லை பொதுவாகக் குறைவு என்பதால், பேட்டரியைப் பிடித்து மாற்ற விரல் ஒத்துழைத்தால் காதுக்குள் வைக்கும் வகையையும் அவர்கள் தாராளமாகப் போட்டுப் பார்க்கலாம்.