வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு விசாரிக்காமல் எழுதிக்கொடுத்த மாத்திரை

தொண்டிக்கு அருகில் கடற்கரைக் கிராமம் ஒன்றில் வசிக்கும் என் தாயாருக்கு, சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு பழுதாகி, மதுரையில் செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டது. வால்வில் இரத்தம் உறையாமலிருக்க அவர் தினமும் 5 மில்லிகிராம் வார்ஃபரின் சாப்பிடுகிறார். மாதம் ஒருமுறை இராமநாதபுரத்துக்குப் பேருந்தில் சென்று, இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்துகொள்வார். அவருக்கு அந்த அளவு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். கடைசியாகப் பார்த்தபோது 2.8 இருந்தது.

சென்ற மாதம் கடும் வயிற்றுப்போக்கு வந்ததால் அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவரிடம் சென்றார். "டாக்டர், நான் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுறேன்" என்று அம்மா சொல்லியும், என்ன மாத்திரை என்று அவர் கேட்கவில்லை. வலிக்கு இடுப்பில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி 400 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை என ஐந்து நாட்களுக்கு எழுதிக்கொடுத்தார். மருந்துக் கடையிலும் யாரும் விசாரிக்கவில்லை.

கல்லீரல் வார்ஃபரினை உடைத்து வெளியேற்றுவதை மெட்ரோனிடசோல் தடுப்பதால், வழக்கமான ஒரே மாத்திரையே உடலில் தேங்கி அளவுக்கு அதிகமாக வேலை செய்கிறது. அந்த நாட்களில் அம்மா வெறும் கஞ்சியைத்தான் குடித்தார்; வாரத்தில் மூன்று நாள் சமைக்கும் முருங்கைக்கீரையை அறவே தொடவில்லை. கீரையிலிருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிர்விசை என்பதால், அது குறைந்ததும் இரத்தம் உறைவது இன்னும் தாமதமாகிவிட்டது. (கீரையே கூடாது என்று சிலர் பயமுறுத்துவது சரியல்ல, வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால், மருந்தின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ள முடியும்.)

நான்காம் நாள் பல் துலக்கியபோது ஈறில் வந்த இரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாக வீங்கிக் கல்போல் இறுகியிருந்தது. மறுநாள் மலம் தார்போலக் கறுத்திருந்ததைக் கண்டு இராமநாதபுரம் கொண்டு சென்றோம். ஐஎன்ஆர் 9-ஐத் தாண்டியிருந்தது. வார்ஃபரினை நிறுத்தி வைட்டமின் கே கொடுத்தார்கள். அதை அதிகமாகக் கொடுத்தால் வால்வில் இரத்தக்கட்டி உண்டாகலாம் என்பதால், அளந்து அளந்தே கொடுத்து, நாள்தோறும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆறு நாட்களுக்குப் பிறகே வீடு திரும்பினார்.

அந்த மருத்துவரிடம் நான் கேட்டபோது, "நோயாளி மருந்தின் பெயரைச் சொல்லவில்லை" என்றார். அதனால் இப்போது ஓர் அட்டையை அம்மாவின் சுருக்குப்பையில் வைத்திருக்கிறோம். அதில், "உலோக வால்வு. வார்ஃபரின் 5 மி.கி. ஐஎன்ஆர் 2.5–3.5. தசையில் ஊசி போட வேண்டாம். புதிய மருந்து தொடங்கினால் 3 முதல் 5 நாட்களுக்குள் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும்" என்று எழுதியுள்ளோம். பல் மருத்துவரானாலும் சித்த வைத்தியரானாலும் அம்மா முதலில் நீட்டுவது அந்த அட்டையைத்தான்.