மணிக்கணக்கில் பிரித்து விலை சொல்வது: மூன்று ஆண்டு அனுபவம்

தனியாளாக இணையதளங்கள் செய்து கொடுக்கிறேன். வேலையைச் சிறு பணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கூகுள் ஷீட்ஸில் எழுதிய பிறகே விலை சொல்லும் வழக்கத்துக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

என்னை மாற வைத்தது ஒரு பல் மருத்துவமனையின் ஐந்து பக்கத் தளம். அன்று நான்கே வரிகளில் கணக்குப் போட்டேன்: வடிவமைப்பு 10 மணி, பக்கங்கள் 12, தொடர்புப் படிவம் 2, சர்வரில் ஏற்றுவது 2. ஆக 26 மணி. மணிக்கு 600 வீதம் 15,600 ரூபாய். முடித்தபோது 41 மணி ஆகியிருந்தது. மணிக்கு 380 ரூபாய்தான் நின்றது.

அதிகம் இழுத்தது படிவம். படிவம் என்னவோ அரை மணியில் தயாராகிவிட்டது. அது அனுப்பிய மின்னஞ்சல்கள்தான் ஸ்பாமில் போய் விழுந்தன. சரிசெய்ய, தளத்தின் பெயருக்கான அமைப்புகள் இருக்கும் டிஎன்எஸ்ஸைத் திறக்க வேண்டும். அதன் கடவுச்சொல்லோ முன்பு வேலை பார்த்தவரிடம் இருந்தது. 2 மணி 8 மணியானது.

இப்போது அதே படிவம் என் பட்டியலில் நான்கு வரிகள்: படிவம் அமைப்பது 1 மணி, மின்னஞ்சலை அனுப்பும் எஸ்எம்டிபி இணைப்பு 1, அனுப்புவது நாம்தான் என்று காட்ட டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் 1.5, வெவ்வேறு முகவரிகளுக்கு அனுப்பிப் பார்ப்பது 0.5. எந்த வரியும் 4 மணியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிரிக்கிறேன், பிரிக்கத் தெரியவில்லை என்றால் அந்த வேலை எனக்கு இன்னும் புரியவில்லை என்று எடுத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் மறுபடி கேட்கிறேன். கடவுச்சொற்கள், படங்கள், எழுத்து ஆகியவற்றை அவர் தர வேண்டிய தேதிகளும் தனி வரிகளாக உண்டு. அவற்றுக்கு மணி கிடையாது.

அடுத்து வந்த அதே அளவுத் தளம் 19 வரிகள், 38 மணி என்று வந்தது. பேச்சுக்கும் சிறு திருத்தங்களுக்கும் 6 மணி சேர்த்து 26,400 ரூபாய் சொன்னேன். 42 மணியில் முடிந்தது.

முன்னேற்றத்தை வரிகளின் எண்ணிக்கையால் அளப்பது ஏமாற்றும். அந்த வேலையில் ஒரு கட்டத்தில் 12 வரிகள் முடிந்திருந்தன. பார்த்தால் 63 விழுக்காடு. முடிந்தவற்றின் மணியைக் கூட்டினால் 18தான், அதாவது 47 விழுக்காடு. எளிய வரிகளை முதலில் முடித்திருந்தேன். B பத்தியில் மணியும் D பத்தியில் நிலையும் வைத்து இப்படிக் கணக்கிடுகிறேன்:

```
=SUMIF(D2:D20,"முடிந்தது",B2:B20)/SUM(B2:B20)
```

பாதி முடிந்த பணிக்கு மதிப்பு கொடுப்பதில்லை. 'கிட்டத்தட்ட முடிந்தது' என்று நான் எழுதிய வரிகள்தான் பெரும்பாலும் இன்னொரு நாளைத் தின்றிருக்கின்றன.

பிறர் கட்டிய பழைய தளத்தைத் திருத்தும் வேலைக்கு இந்த முறை உதவவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எழுதும் மணிகள் வெறும் ஊகம். அங்கே முதலில் 3 மணி நேர ஆய்வுக்கு மட்டும் கட்டணம் வாங்குகிறேன். பட்டியல் அதற்குப் பிறகுதான்.

C பத்தியில் உண்மையில் ஆன நேரத்தை அன்றன்றே எழுதுகிறேன். கைப்பேசித் திரைக்கு ஏற்பப் பக்கத்தைச் சரிசெய்வதற்கு 2 மணி போட்ட இடத்திலெல்லாம் 3 மணி ஆகியிருப்பதை அதுதான் காட்டியது. இப்போது முதலிலேயே 3 என்று எழுதுகிறேன்.