மருந்துக்கடையின் புது நேரமும் டெலிவரி எல்லையும்: ஒரு வருடம் போல பழகிய பிறகு

உச்சிப்புளிப் பக்கம் நாங்கள் வழக்கமாக மருந்து வாங்கும் கடை நேரத்தையும் டெலிவரி எல்லையையும் மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அறிவிப்பு ஒட்டின அன்றைக்கு எல்லாரும் திட்டினோம். இப்போது கேட்டால் பாதி சரி, பாதி இன்னும் எரிச்சல் என்பேன்.

முன்பு காலை ஏழு மணிக்கே ஷட்டர் திறந்திருக்கும், இரவு பத்தரை வரை இடைவெளியே கிடையாது. புது நேரம் காலை எட்டரை முதல் ஒன்றரை, மாலை நாலரை முதல் ஒன்பது, வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டே காலுக்கே மூடிவிடுவார்கள். டெலிவரி ஐந்து கிலோமீட்டருக்குள் மட்டும், காலை பதினொன்றுக்குள் சொன்னால் அன்று மாலை வரும். கடைசி வரியில் சின்ன எழுத்தில், 'இன்சுலின் மற்றும் சில மருந்துகள் நேரில் மட்டும்'. எங்கள் வீட்டுக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சின்ன எழுத்துக்குள்தான் இருந்தது.

மதிய இடைவெளியை எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கம் என்றுதான் நினைத்தோம். விஷயம் வேறு. மருந்துச் சீட்டுக்குத் தரும் மருந்தை, பதிவு பெற்ற பார்மசிஸ்ட் கண் முன்னால்தான் விற்க வேண்டும் என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளே சொல்கின்றன. முன்பு இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் விலகியபின் மிச்சம் ஒரே ஒரு அக்கா. அவர் இல்லாத நேரத்தில் கடையைத் திறந்து வைத்தால் பையன்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், அது விதிமீறல், மாட்டினால் லைசென்சுக்கே ஆபத்து. நிறையக் கடைகளில் அப்படித்தான் ஓடுகிறது என்பது ஊருக்கே தெரியும், இவர்கள் மூடுகிறார்கள் என்றால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலை ஏழு மணி போனது கடற்கரை ஊர்களுக்கு உண்மையான இழப்பு. கடலுக்குப் போய்விட்டு விடியலில் கரை வந்து, மீனை ஏலம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் மாத்திரை வாங்கிக்கொண்டு போன ஆட்கள் இப்போது தூங்கி எழுந்து மாலைதான் வருகிறார்கள், அதனால் மாலை ஆறு மணிக்குக் கடை வாசலில் நிற்க இடமிருக்காது.

அப்புறம் அந்த ஐந்து கிலோமீட்டர். கைப்பேசி வரைபடத்தில் கடையிலிருந்து எங்கள் குடியிருப்புக்கு நேர்கோடு போட்டால் நாலரைதான் வரும். சாலை வழியாக, உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தால் ஏழு. கடைக்காரர் கணக்கு சாலைக் கணக்கு, எங்கள் கணக்கு நேர்கோடு, முதல் இரண்டு மாதம் இந்தச் சண்டைதான். டெலிவரிப் பையன் ஒரு நாள் வருவான், மறுநாள் 'உங்க ஊர் எல்லைக்கு வெளியே அண்ணே' என்பான். பிறகு யாரோ சொல்லி, கிலோமீட்டரை எடுத்துவிட்டு ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதி ஒட்டினார்கள். எங்கள் ஊர் அதில் இல்லை, ஆனாலும் அன்றோடு சண்டை நின்றது. எல்லையை மாற்றும் எந்தக் கடையும் முதல் நாளே ஊர்ப் பெயர் போட்டுவிட்டால் நல்லது, எந்தத் தெரு வரை என்பதையும் சேர்த்து.

இப்போது இன்சுலினுக்கு வருகிறேன். அம்மாவுக்கு காலையில் 18, இரவில் 10 யூனிட், 30/70 கலவை, மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி. பத்து மில்லி குப்பியில் 400 யூனிட் இருக்கும், ஒரு நாளைக்கு 28 என்றால் பதினான்கு நாளில் காலி. முன்பு குப்பி அடித்தட்டும்போது கடைக்குச் சொன்னால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும், அந்தப் பழக்கத்துக்கு இனி வழியில்லை. இப்போது எப்போதும் இரண்டு குப்பி கணக்கு: ஒன்று பயன்பாட்டில், ஒன்று ஃபிரிட்ஜில். ஃபிரிட்ஜில் இருப்பதைத் திறக்கிற அன்றே அடுத்ததை வாங்கக் கிளம்ப வேண்டும், அப்போது கையில் இரண்டு வாரம் அவகாசம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை, புயல், கடை லீவு எது வந்தாலும் தாங்கும். திறந்த குப்பிக்குப் பொதுவாக நான்கு வாரம்தான் ஆயுள் என்பார்கள், எங்களுக்கு அதற்குள்ளேயே முடிந்துவிடுவதால் அது பிரச்சினை இல்லை.

டெலிவரியில் இன்சுலினை ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டதற்கு அக்கா சொன்ன பதில் சரியான பதில். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் ஐந்து வீடு சுற்றிவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தால் அது இன்சுலினாக இருக்காது. சூட்டை விட எங்கள் ஊரில் பெரிய ஆபத்து ஐஸ். என் சித்தப்பா மகன் ஒரு முறை எங்களுக்காகக் குப்பியை வாங்கி, மீன் பெட்டியில் உடைத்த ஐஸ் மேலேயே நேராக வைத்துக்கொண்டு வந்தான், நல்லெண்ணத்தில்தான். வீட்டில் எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தால், பால் மாதிரி ஒரே சீராகக் கலங்க வேண்டியது கலங்கவில்லை. அடியில் வெள்ளைத் துகள் கட்டி கட்டியாக நின்றது, கண்ணாடிச் சுவரில் உறைபனி படிந்தது போல ஒட்டியிருந்தது. அம்மா போட்டுக்கொள்ளலாம் என்றார். படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன், 'தம்பி, உறைஞ்சு போச்சு, போடாதீங்க, தூக்கிப் போடுங்க' என்று உடனே பதில். ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, வேலை செய்யாமல் சர்க்கரை ஏறிவிடும். இப்போது குப்பியை அதன் அட்டைப் பெட்டியோடு துண்டில் சுற்றி, பிறகுதான் ஐஸ் பையோடு வைக்கிறோம். நேராக ஐஸில் படக்கூடாது, ஃபிரிட்ஜிலும் ஃபிரீசருக்குக் கீழ்த்தட்டு வேண்டாம், கதவுப்பக்கம் போதும்.

'சில மருந்துகள்' என்று எழுதியதுதான் எனக்குப் பிடிக்காதது. தூக்க மாத்திரை, செஃபிக்ஸிம் போன்ற சில ஆன்டிபயாடிக் எல்லாம் எச்1 பட்டியலில் வருபவை, யார் எழுதினார், யாருக்கு, எவ்வளவு என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சீட்டைக் கையில் பார்க்காமல் அதைக் கொடுக்க அவர்கள் பயப்படுவது புரிகிறது. ஆனால் எது எது என்று பலகையில் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மாலை வரை காத்திருந்து, பாரசிட்டமால் மட்டும் வந்து இறங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது.

இன்னொன்று, இணைய வரைபடத்தில் கடையின் பழைய நேரமே இன்றும் கிடக்கிறது. ராமேஸ்வரம் போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு மூணு மணிக்கு மூடிய ஷட்டர் முன்னால் நிற்கும் வெளியூர்க்காரர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருவதால் அந்தத் தலைவலி இல்லை, இன்சுலினும் அவசர மருந்தும் மட்டும்தான் இந்தக் கடை. அந்த அளவில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், கழித்த ஒன்றரையும் பலகைக்குத்தான், அக்காவுக்கு அல்ல. இதே கடையில் வாங்குபவர்களுக்கு ஒரு தகவல்: ஆர்டர் எண்ணும் மாறியிருக்கிறது, பழைய எண்ணுக்கு அனுப்பினால் ஒற்றை டிக்கோடு அப்படியே கிடக்கும், புது எண் பில்லின் பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்பில் இருக்கிறது.